இல்லத்தில் இரு கட்சி

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கணவன் ஒரு கட்சி, மனைவி வேறொரு கட்சி என்றிருக்கும் வீட்டிலே மரியாதை குன்றாமற் பேசுவது எவ்வாறு என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருளாகும். மணவறை காணாத இளைஞருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் புன்னகை செய்கின்றனர். அது நியாயமே. ஆயினும் நாம் ஒவ்வொருவரும் இருபது ஆண்டுகளாக ஒரு தாய்க்கும் தந்தைக்கும் நடுவே அமர்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். பேசியவர்கள் மறந்துவிட்ட சொற்கள் சில, கேட்டிருந்த பிள்ளைக்கு மறப்பதில்லை. அந்த அளவிலேதான் பேசத் துணிகின்றோம்.

மிஷன் பாடசாலைகளிலே படித்த எமக்கு விவாதசபை மிகவும் பழக்கமானது. அங்கே தலைவர் உண்டு, மணி உண்டு, புள்ளியிட நடுவர் மூவர் உண்டு. எதிர்க்கட்சியாரின் வாதத்திலே நலிந்த இடம் எதுவெனத் தேடி அதை உடைப்பவனே கெட்டிக்காரன். அந்தப் பயிற்சி குறைவானதன்று. ஆனால் அதே பயிற்சியை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தால் என்னவாகும்? அங்கே மணி அடிப்பார் இல்லை. தீர்ப்புச் சொல்வார் இல்லை. தோற்றவர் எழுந்து தமது வீட்டுக்குப் போகவும் இயலாது. அதுவே அவருடைய வீடு. திருவள்ளுவர் இந்த வேற்றுமையை அறிந்தே நூலை வகுத்தார் போலும். வாதத்திலே வெல்லும் சொல்வன்மையைப் பொருட்பாலிலே அமைச்சனைப் பற்றிய பகுதியில் வைத்தார். இனியவை கூறலை அறத்துப்பாலிலே இல்லறவியலில் வைத்தார். சபைக்கு ஒரு பேச்சு, இல்லத்துக்கு ஒரு பேச்சு என்பதே அந்த வைப்புமுறை எமக்கு உணர்த்துவது.

இனி, யாவரும் அறிந்த ஓர் இல்லத்தைப் பார்ப்போம். அது மகாத்மா காந்தியின் இல்லம். 1898 ஆம் ஆண்டிலே அவர் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிலே சட்டத்தரணியாக இருந்தார். அவருடைய கந்தோரில் வேலைசெய்த எழுதுவினைஞர் சிலர் அவருடனேயே தங்கியிருந்தனர். அறைகளிலே கழிவுநீர் போக வழியில்லாத வீடு அது. ஆகவே ஒவ்வோர் அறையிலும் சிறுநீர்ச் சட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவற்றைச் சுத்தஞ்செய்யும் வேலையைக் காந்தியும் கஸ்தூரிபாயும் தாமே செய்தனர். புதிதாக வந்த எழுதுவினைஞர் ஒருவர் பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். மற்றையோருடைய சட்டிகளைச் சுத்தஞ்செய்த கஸ்தூரிபாய்க்கு, அவருடைய சட்டியை எடுக்க மனம் ஒப்பவில்லை. கணவர் எடுப்பதையும் பார்த்துப் பொறுக்க முடியவில்லை. ஈற்றிலே கண்கள் சிவக்க, கண்ணீர் வழிய, சட்டியைக் கையிலேந்திப் படியால் இறங்கி வந்தார்.

காரியம் நடந்துவிட்டது. ஆனால் காந்திக்கு அது போதவில்லை. மனைவி மலர்ந்த முகத்தோடு செய்யவேண்டும் என்று விரும்பினார். தமது வீட்டிலே இத்தகைய பைத்தியக்காரத்தனத்தைச் சகிக்கமாட்டேன் என்று உரத்துச் சத்தமிட்டார். அப்படியானால் உமது வீட்டை நீரே வைத்துக்கொள்ளும், என்னைப் போகவிடும் என்ற கருத்திலே அந்த அம்மையும் பதில் சொன்னார். உடனே கணவர் அவரைக் கையிற் பிடித்து வெளிவாயில்வரை இழுத்துச் சென்று, படலையைத் திறக்கலானார். அந்நிய நாட்டிலே தாய்தந்தையர் இல்லாத நான் எங்கே போவேன், உமக்கு வெட்கமில்லையா, வாயிலைச் சாத்தும் என்று மனைவி அழுதபின்னரே அவருக்கு நாணம் வந்தது. இவ்வளவையும் அவர் தமது சுயசரிதையிலே தாமே எழுதி வைத்திருக்கின்றார்.

இந்த வரலாற்றிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீண்டாமை தீதென்ற காந்தியின் கொள்கை சரியானது. கஸ்தூரிபாயின் தயக்கம் அவர் பிறந்து வளர்ந்த வழக்கத்தால் வந்தது. எனவே கொள்கையிலே கணவர் பக்கமே நியாயம். ஆனால் படலையிலே நின்ற வேளை நியாயம் யார் பக்கம்? அந்த அம்மையின் பக்கம் என்பதைக் காந்தியே ஒப்புக்கொண்டார். பிழை கொள்கையிலே உண்டாகவில்லை. பேச்சு "இந்தச் சட்டி" என்பதிலிருந்து "என்னுடைய வீடு, நீ" என்பதற்குத் தாவிய கணத்திலே உண்டாயிற்று. தீண்டாமையைப் பற்றிய பேச்சு அந்தக் கணத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு நடந்தது, யார் இந்த வீட்டுக்கு உரியவர் என்ற வழக்கு. சரியான கொள்கை உடையவர்க்கே இந்த ஆபத்து அதிகம் என்று தோன்றுகின்றது. தாம் நிற்கும் இடம் அறம் என்ற நிச்சயம் வந்துவிட்டால், எதிரே நிற்பவரின் மானம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாற்பது ஆண்டுகளின் பின், 1938 ஆம் ஆண்டிலே, அதே தம்பதிகளுக்கிடையே அதே வேற்றுமை மறுபடியும் எழுந்தது. ஒரிசாவிலே டெலாங் என்னும் ஊரில் காந்தி சேவா சங்கம் கூடியிருந்தபோது, கஸ்தூரிபாயும் வேறு சில பெண்களும் பூரி ஜகந்நாதர் ஆலயத்துக்குச் சென்று உள்ளே வழிபட்டுத் திரும்பினர். அரிசனங்களுக்கு அடைக்கப்பட்டிருந்த ஆலயம் அது. காந்தி பெரிதும் வருந்தினார். ஆனால் இம்முறை குற்றத்திலே பெரும்பங்கைத் தம்மீதும், தம்முடன் இருந்த மகாதேவ தேசாய் மீதும் சுமத்தினார். உடனிருக்கும் பெண்களுக்கு இதன் தாற்பரியத்தை விளங்கவைக்க ஆண்கள் தவறிவிட்டோம் என்பது அவர் கருத்து. "நீ எப்படிப்பட்டவள்" என்ற கேள்வி "நான் எதைச் சொல்லாமல் விட்டேன்" என்ற கேள்வியாக மாறியிருந்தது. ஆயினும் வீட்டிலே பேசவேண்டியதைச் சங்கத்தார் முன்னிலையிலே பேசினார் என்ற குறை அங்கேயும் உண்டு. மகாத்மாவுக்கே இது எளிதாக இருக்கவில்லை.

பேச்சு தாவுகின்ற அந்தக் கணத்தை எவ்வாறு கண்டுகொள்வது? யாழ்ப்பாணத் தமிழ் பேசும் நமக்கு இதற்கொரு கருவி பிறப்பிலேயே வாய்த்திருக்கின்றது. நம்மிடம் நீ, நீர், நீங்கள் என்று முன்னிலைச் சொற்கள் மூன்று உண்டு. பல வீடுகளிலே கணவர் மனைவியை "நீர்" என்றும், மனைவி கணவரை "நீங்கள்" என்றும் அழைப்பதைக் கேட்கின்றோம். கோபம் ஏறும்போது "நீர்" என்பது "நீ" ஆகிவிடும். "எங்கட" என்பது "உங்கட ஆக்கள்" ஆகிவிடும். இவ்விரண்டு சொற்களும் காதில் விழுந்தால், பேசப்பட்ட விஷயம் கைநழுவிப் போய், பேசுகிற ஆளே விஷயமாகிவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, வீட்டிலே இந்த ஒரு சொல்லைக் கவனித்தாற் போதும்.

மேல்நாட்டிலும் இதனை ஆராய்ந்திருக்கின்றார்கள். அமெரிக்காவின் வாஷிங்ரன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோன் கொற்மன் என்னும் உளவியலாளரும் அவருடைய துணைவர்களும், தம்பதிகளை ஓர் அறையிலே இருத்தி, அவர்களுக்குள் பிணக்கான ஒரு விஷயத்தைப் பேசவிட்டுப் படம்பிடித்தனர். இதயத்துடிப்பையும் அளந்தனர். 1999 ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்விலே, புதிதாக மணஞ்செய்த 124 தம்பதிகளின் பதினைந்து நிமிடப் பேச்சை எடுத்து நோக்கினர். முதல் மூன்று நிமிடங்களின் போக்கே, பின்னால் ஆறு ஆண்டுகளுக்குள் பிரிந்தோரையும் பிரியாதோரையும் பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டியது. கடுமையாகத் தொடங்கிய பேச்சு கடுமையாகவே முடிந்தது. இன்னொன்றும் கண்டனர்: இதயம் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கத் தொடங்கியபின், மற்றவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனத்தில் ஏறுவதில்லை. அந்தப் படபடப்பு அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். அந்த ஆய்வு அமெரிக்கத் தம்பதிகளைக் கொண்டது. பிரிந்தவர் யார் என்று தெரிந்த பின்னரே கணக்கைப் பொருத்திப் பார்த்தார்கள் என்று குறை சொல்லும் அறிஞரும் உண்டு. ஆகவே சோதிடம்போல அதனை எடுத்துக்கொள்ளலாகாது. எமக்கு வேண்டியவை அதில் இரண்டே: தொடக்கம் மென்மையாக இருத்தல், உடம்பு கொதிக்கும்போது நிறுத்துதல்.

இவற்றை ஒரு வீட்டிலே பொருத்திப் பார்ப்போம். வீடு நாம் கற்பித்துக்கொண்டது, காலம் கற்பிதமன்று. 2024 ஆம் ஆண்டு செப்தெம்பர் 21 இலே ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. தமிழ்ப் பொதுவேட்பாளர் ஒருவரும் நின்றார். தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளரும் நின்றார். வடக்கிலே எத்தனையோ வீடுகளில் இதுபற்றி வாதம் நடந்தது. நமது வீட்டிலே கணவர் ஆசிரியர். பொதுவேட்பாளருக்கு வாக்களிப்பது என்றிருக்கின்றார். மனைவி கச்சேரியிலே எழுதுவினைஞர். தேசிய மக்கள் சக்திக்கு என்றிருக்கின்றார். ஒரு மகன், வயது பத்து. கணவரின் தாயாரும் உடனிருக்கின்றார். முதலிலே, பேச்சு வழக்கம்போல நடந்தால் எப்படியிருக்கும் என்று கேட்போம். இராச்சாப்பாட்டு வேளை, எல்லோரும் இருக்கின்றனர்.

"உம்மட ஆக்கள் பருத்தித்துறையிலையும் கூட்டம் வைச்சிட்டினமாம். வெக்கமில்லாமல் எங்கட சனமும் போயிருக்குது."

"உங்கட ஆக்கள் எழுபது வருசமாய் என்னத்தைச் சாதிச்சவை எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"உமக்கு அரசியல் என்ன விளங்கும்? கந்தோரிலை ஆரோ சொன்னதை வந்து ஒப்புவிக்கிறீர்."

"கந்தோரிலை நான் உழைக்கிறதிலைதான் இந்த வீட்டு அடுப்பும் எரியுது. அது உங்களுக்கு விளங்குதோ?"

"நீ வாயை மூடு."

ஐந்தே வாக்கியங்கள். ஒரு நிமிடமும் ஆகவில்லை. முதல் வாக்கியத்திலேயே "உம்மட ஆக்கள்" வந்துவிட்டது. அது கேள்வியன்று, குற்றச்சாட்டு. மூன்றாவது வாக்கியம் கருத்தை மறுக்கவில்லை. கருத்துக் கொள்ளும் தகுதியையே மறுக்கின்றது. கொற்மன் தாம் கண்ட குற்றங்கள் யாவற்றிலும் இகழ்ச்சியே கொடியது என்கின்றார். நான்காவது வாக்கியத்திலே சம்பளம் என்னும் பழைய கணக்கு ஒன்று உள்ளே நுழைகின்றது. ஐந்தாவதிலே "நீர்" "நீ" ஆகின்றது. மகன் சோற்றைப் பிசைந்துகொண்டு தலைகுனிந்திருக்கின்றான். மாமியார் ஏதேனும் ஒரு பக்கஞ் சேரவேண்டிய நிலையில் இருக்கின்றார். பொதுவேட்பாளரைப் பற்றியோ தேசிய மக்கள் சக்தியைப் பற்றியோ ஒருவரும் ஒன்றும் அறியவில்லை.

இனி, அதே வீட்டிலே வேறொரு முறை. கணவர் முதலிலே நேரங் கேட்கின்றார்.

"இஞ்சாரும், இந்த வோட்டைப் பற்றி எனக்கு மனசிலை ஒரு பாரம். கொஞ்ச நேரம் கதைப்பமோ?"

"பிள்ளை படுக்கட்டும். மாமியும் படுத்தாப்போலை கதைப்பம்."

இதிலே இரண்டு காரியங்கள் முடிந்துவிட்டன. பேச்சு "எனக்கு" என்று தொடங்கிற்று. "உமக்கு" என்று தொடங்கவில்லை. கேட்போர் கூட்டமும் விலகிற்று. பார்ப்பவர் இருந்தால் வெல்லவேண்டும் என்ற ஆசை வரும். தாயார் இருந்தால் அவரை நடுவராக்கும் ஆசை வரும். எட்டரை மணிக்கு இருவரும் விறாந்தையிலே இருக்கின்றனர்.

"பொதுவேட்பாளர் வெல்லமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் எங்கட பிரச்சினை இன்னும் தீரேல்லை எண்டதை ஒருக்கால் எண்ணிக் காட்டவேணும் எண்டு நினைக்கிறன்."

மனைவியிடம் இதற்கு உடனே சொல்லத் தக்க மறுமொழி இருக்கின்றது. ஆனால் அவர் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுகின்றார்.

"அப்ப நீங்கள் சொல்லுறது வெல்லுறதுக்காக இல்லை. இத்தினை பேர் இன்னும் இதைக் கேட்டுக்கொண்டு இருக்கினம் எண்டு கணக்குக் காட்டுறதுக்காக. அப்பிடியோ?"

"ஓம், அது பாதி. தம்பியைத் தேடி அம்மா எத்தினை கந்தோர்ப் படி ஏறினவ. நான் வேறை ஆருக்கும் போட்டால், அந்த நடையை மறந்துபோன மாதிரி இருக்கும்."

கணவரின் தம்பி 2009 இலே காணாமற்போனவர். மனைவி அதை அறிவார். வாக்குச்சீட்டுக்கும் அதற்கும் கணவரின் மனத்திலே இப்படியொரு முடிச்சு இருப்பதை இன்றுதான் அறிகின்றார். திருப்பிச் சொல்வதன் பயன் இதுவே. முதலிற் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பத்திரிகையிலே படித்த காரணமாக இருக்கும். "பாதிதான் சரி" என்று சொல்ல இடங்கொடுத்தால், மற்றப் பாதி தானே வெளிவரும். மறுமொழி சொல்லியிருந்தால் அது உள்ளேயே நின்றிருக்கும்.

அடுத்து மனைவியின் முறை.

"போன முறை பெற்றோலுக்கும் காசுக்கும் சனம் நிண்ட வரிசையை நீங்களும் கண்டனியள். களவெடுத்தவையைக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேணும். அது எனக்குப் பெரிசு."

"அப்ப உமக்குச் சாமான் விலைதான் பெரிசு."

"இல்லை, நான் விலையைச் சொல்லேல்லை. களவைச் சொல்லுறன். கேள்வி கேட்கிற இடத்திலை நாங்களும் இருக்கவேணும். விலகி நிண்டால் ஆர் எங்களுக்காகக் கேட்கிறது?"

"சரி. களவைக் கேட்கிற இடத்திலை தமிழரும் நிக்கவேணும் எண்டுறீர்."

"ஓம், அதுதான்."

கணவர் முதலிலே திருப்பிச் சொன்னது பிழை. மற்றவரின் கருத்தைச் சற்றே தாழ்த்திச் சொல்லுவது நம் எல்லோர்க்கும் இயல்பு. தாழ்த்தினால் வெல்வது எளிது. ஆகையால் திருப்பிச் சொன்னது சரியோ என்று தீர்ப்பளிக்கும் உரிமை சொன்னவருக்குக் கிடையாது. கருத்துக்குரியவரே "ஓம், அதுதான்" என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் வரும்வரை மறுத்துப் பேசுவதில்லை என்பதே இம்முறையின் ஒரே கட்டளை. திருப்பிச் சொல்லுவது ஒப்புக்கொள்வதாகாது. விளங்கிற்று என்பதும் இணங்குகிறேன் என்பதும் வேறு வேறு.

இதன் பின்னரும் சூடு ஏறாமல் இருக்காது. தெற்கிலுள்ளவர்களை நம்பி எத்தனை தரம் ஏமாந்தோம் என்று கணவர் ஆண்டாண்டாக எண்ணத் தொடங்குகின்றார். 1956 வருகின்றது, 1983 வருகின்றது, குரல் உயர்கின்றது. மனைவி சொல்லுகின்றார்:

"எனக்கு நெஞ்சு படபடக்குது. உங்கட குரலும் ஏறுது. நான் தேத்தண்ணி போடுறன். ஒன்பதரைக்குத் திரும்ப இருப்பம்."

இவ்வாறு நிறுத்தும்போது திரும்பிவரும் நேரத்தையும் சொல்லிவிடவேண்டும். நேரஞ் சொல்லாமல் எழுந்து போவது நிறுத்தமன்று, அது கதவடைப்பு. மூன்று நாள் மௌனத்திலே முடியும். எழுந்து போனவர், தமக்கே பொறுமை என்று எண்ணுவார். இருந்தவரோ தம்மை அவமதித்ததாக எண்ணுவார். அந்த இடைவேளையிலே அடுத்த மறுமொழியை மனத்திலே கூர்தீட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. இதயம் அடங்கமாட்டாது. பாத்திரங் கழுவலாம், கிணற்றிலே நீர் அள்ளலாம், பூச்செடிக்கு ஊற்றலாம். கைக்கு வேலை வேண்டும்.

பேச்சின் முடிவிலே இருவரும் ஒரே வேட்பாளருக்கு இணங்கினார்களா? இல்லை. அவர் தமக்குத் தோன்றியவாறே வாக்களித்தார். அம்மையாரும் தமக்குத் தோன்றியவாறே வாக்களித்தார். நம் நாட்டிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் 1931 முதல் வாக்குரிமை உண்டு. வாக்கு இரகசியமானது. எதற்குப் புள்ளடியிட்டாய் என்று கணவரோ மனைவியோ கேட்டு வற்புறுத்த உரிமையில்லை. நீண்டகாலம் கூடி வாழும் தம்பதிகளின் பிணக்குகளிலே பெரும்பகுதி ஒருபோதும் தீராமலே இருந்துவருகின்றது என்பதும் கொற்மன் கண்ட ஒன்று. தீர்ப்பதற்காகவே பேசுகின்றோம் என்று எண்ணுவதால்தான், தீராதபோது கோபம் வருகின்றது.

ஆனால் இணங்கியே ஆகவேண்டிய சில உண்டு. அவை அபிப்பிராயங்களல்ல, வீட்டுக் காரியங்கள். படலையிலே யாருடைய துண்டுப்பிரசுரம் ஒட்டுவது? கட்சிக்கு நன்கொடை கேட்டு வந்தால் எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது? மகன் கேட்டால் என்ன சொல்வது? இந்த வீட்டார் இவற்றை வேறாக எடுத்து முடிவுசெய்தனர். படலையிலே ஒன்றும் ஒட்டுவதில்லை. நன்கொடை அவரவர் கைச்செலவிலிருந்து. மகனுக்கு, அப்பாவின் எண்ணம் இது, காரணம் இது. அம்மாவின் எண்ணம் இது, காரணம் இது என்று இரண்டையும் சொல்வது. ஒருவர் காரணத்தை மற்றவரே சொல்லிக்கொடுப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல குடியியற் பாடம் பாடசாலையிலே கிடையாது. அபிப்பிராயத்தையும் வீட்டுக் காரியத்தையும் கலந்து பேசுவதாலேயே ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு கிழமை அடுப்பு அணைகின்றது.

செப்தெம்பர் 22 இலே முடிவு வெளியாயிற்று. மனைவி விரும்பியவர் ஜனாதிபதியானார். நவம்பர் 14 இலே நடந்த பாராளுமன்றத் தேர்தலிலே, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. இத்தகைய காலைவேளைகள்தாம் இல்லத்துக்குச் சோதனை. "நான் அப்பவே சொன்னனான்" என்னும் சொல், முன்பு பேசிய நல்ல பேச்செல்லாவற்றையும் வெறும் பந்தயமாக்கிவிடும். நமது வீட்டு அம்மையார் அன்று காலை, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். பேச்சு பின்னேரம் நடந்தது. அதுவும் கணவர் தொடங்கியபின்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அதையும் சொல்லாமல் விடுதல் தகாது. பேசும் இருவருள் ஒருவர் மற்றவருக்கு அஞ்சியிருந்தால், மேற்சொன்ன ஒன்றும் பயன்படாது. அஞ்சியவர் "ஓம், அதுதான்" என்று எதற்கும் சொல்லிவிடுவார். அடித்தல், அடிப்பேன் என்று வெருட்டுதல், வாக்களிக்கப் போகாதபடி அடையாள அட்டையை ஒளித்துவைத்தல், கைச்செலவை நிறுத்துதல் ஆகியவை அபிப்பிராய வேற்றுமைகளல்ல. அங்கே பாதிக்கப்பட்டவரைப் பார்த்து இன்னும் இனிமையாகப் பேசு என்று புத்தி சொல்லுவது பாவம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை பெற வழியிருக்கின்றது. பெரியோர் அந்த வழியைக் காட்டவேண்டும்.

இன்னொன்று இதனினும் நுண்ணியது. சில அபிப்பிராயங்கள் ஊரைப் பற்றியவை போலத் தோன்றினாலும், எதிரே இருப்பவரையே சுடும். சாதி கடந்தோ சமயங் கடந்தோ மணஞ்செய்த வீட்டிலே, ஆலயத்துள் யார் வரலாம், யார் சமைத்ததை உண்ணலாம் என்ற பேச்சு எழுந்தால், அது மனைவியின் தாயாரைப் பற்றிய பேச்சு. கணவரின் தமையனைப் பற்றிய பேச்சு. அங்கே திருப்பிச் சொல்லும்படி கேட்பதே கொடுமையாகும். "நீர் சொல்லுறது என்ரை அம்மாவையும் சேர்த்துத்தான்" என்று முதலிலே சொல்லவேண்டும். மற்றவர் அதைக் கேட்டு நின்று யோசித்தால் பேச்சுத் தொடரலாம். நில்லாமல் மேலும் பேசினால், அவர் கொள்கையைப் பேசவில்லை என்பது தெளிவு.

சகோதரர்களே, எம்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இல்லறம் புகுவோம். சாதகப் பொருத்தம் பார்க்கும் பெரியோர், இவர் எந்தக் கட்சி, அவர் எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. பார்த்தாலும் பயனில்லை, கட்சி மாறும். நாம் பார்த்துக்கொள்ளக் கூடியது ஒன்று. கருத்து வேறுபட்ட ஒருவர் சொன்னதை, அவரே "ஓம், அதுதான்" என்று சொல்லும்படி எம்மால் திருப்பிச் சொல்ல முடிகின்றதா? இன்றிரவு வீட்டிலே தந்தையிடமோ தமக்கையிடமோ ஒருமுறை செய்து பார்க்கலாம். சொல்லும்போது எளிது, செய்யும்போது வாய் நடுவிலேயே மறுமொழிக்கு ஓடுவதைக் காண்போம்.

எமது பேச்சிலே தாய்மார்களும் பெரியோர்களும் காணும் குறைகளை இக்கூட்டத்திலேயே எடுத்துச் சொல்லும்படி வேண்டிக்கொண்டு, அமர்கின்றோம்.